அடிக்கடி தொடக் கூடாத விகிதம்

2013 ஜூலை 15, திங்கள்கிழமை. சந்தைகள் மூடிய பிறகு ரிசர்வ் வங்கியிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை வங்கிகளின் கருவூலப் பிரிவுகளில் பணப்புழக்கக் கணக்குகளை எல்லாம் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. காரணம் ரூபாயின் வீழ்ச்சி. அந்த ஆண்டு மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கி, தாங்கள் மாதந்தோறும் வாங்கிவரும் கடன் பத்திரங்களின் அளவைக் குறைக்கக்கூடும் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வளரும் நாடுகளில் இருந்த டாலர் முதலீடுகள் வெளியேறத் தொடங்கின. 55 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் 61 ரூபாயைத் தொட்டது.

ரூபாயைக் கடனாக வாங்கி டாலராக மாற்றிப் பதுக்குவோரைத் தடுக்க வேண்டுமானால் ரூபாய்க் கடன் விலை உயர்ந்ததாகவும் கிடைப்பதற்கு அரியதாகவும் ஆக வேண்டும். இதற்கென மத்திய வங்கிகளிடம் பாடப்புத்தகங்கள் சொல்லும் கருவிகள் மூன்று உண்டு. வங்கிகள் தன்னிடம் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய ரொக்க இருப்பைக் கூட்டிக் குறைப்பது ஒன்று. வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை மாற்றுவது இன்னொன்று. அமெரிக்காவில் டிஸ்கவுண்ட் விகிதம் என்று அழைக்கப்படும் இது நமக்கு வங்கி விகிதம். மூன்றாவது, அரசுக் கடன் பத்திரங்களைச் சந்தையில் வாங்கி விற்கும் வெளிச்சந்தை நடவடிக்கை. ஜூலை 15 முதல் 23 வரையிலான நாட்களுக்குள் இந்த மூன்றையும் ரிசர்வ் வங்கி அடுத்தடுத்துக் கையில் எடுத்தது. ஒரே நெருக்கடி, ஒரே நோக்கம். மூன்று கருவிகளும் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை அருகருகே வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் கிடையாது.

முதலில் வங்கி விகிதம். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 49ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கும் பழைய கருவி இது. ஆனால் 2003 ஏப்ரல் முதல் 2012 பிப்ரவரி வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அது 6 சதவீதத்திலேயே அசையாமல் கிடந்தது. அந்தக் காலத்தில் உலக நிதி நெருக்கடி வந்து போனது. ரெப்போ விகிதம் பலமுறை ஏறி இறங்கியது. வங்கி விகிதத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனெனில் வங்கிகள் அன்றாடத் தேவைக்கு அந்த வழியில் கடன் வாங்கவே இல்லை. 2011இல் எம்எஸ்எஃப் என்ற அவசரக் கடன் சாளரம் திறக்கப்பட்டது. ரெப்போவில் கிடைத்தது போதாத வங்கி, கூடுதல் வட்டி கொடுத்து ஓரிரவுக்குக் கடன் பெறும் கடைசிக் கதவு அது. 2012 பிப்ரவரியில் வங்கி விகிதம் இந்தச் சாளரத்தின் வட்டியோடு இணைக்கப்பட்டு, ஒரே நாளில் 9.5 சதவீதம் ஆனது.

2013 ஜூலை 15 அன்று ரெப்போ 7.25 சதவீதம், அவசரச் சாளரமும் வங்கி விகிதமும் 8.25 சதவீதம். ரிசர்வ் வங்கி ரெப்போவைத் தொடவில்லை. மற்ற இரண்டையும் 10.25 சதவீதத்துக்கு ஏற்றியது. இது மட்டும் நடந்திருந்தால் விளைவு பெரிதாக இருந்திருக்காது. கடைசிக் கதவின் கட்டணத்தை எவ்வளவு உயர்த்தினாலும், முன்வாசல் அகலத் திறந்திருக்கும்வரை அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். டிஸ்கவுண்ட் விகிதத்தின் அடிப்படைக் குறைபாடு உலகம் முழுவதும் இதுதான்: வங்கிகள் கடன் கேட்டு வந்தால்தான் அது பேசும். கேட்டு வரும் முடிவு வங்கிகளுடையது, மத்திய வங்கியுடையது அல்ல. அதனால்தான் அதே அறிவிப்பில் ரெப்போ வழியாகக் கிடைக்கும் மொத்தக் கடனுக்கு 75,000 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு போடப்பட்டது. வங்கித் துறையின் மொத்த டெபாசிட் பொறுப்புகளில் இது 1 சதவீதம். முன்வாசல் குறுக்கப்பட்ட பிறகே கடைசிக் கதவின் விலைக்குப் பொருள் வந்தது.

அதே நாளில் மூன்றாவது கருவியும் அறிவிக்கப்பட்டது. ஜூலை 18 அன்று 12,000 கோடி ரூபாய்க்கு அரசுக் கடன் பத்திரங்களை விற்கப் போவதாக ரிசர்வ் வங்கி சொன்னது. இதன் இயக்கம் எளியது. ரிசர்வ் வங்கி தன் கையிருப்பில் உள்ள பத்திரங்களை ஏலம் விடும். வங்கிகளும் பிரைமரி டீலர் எனப்படும் பத்திர வணிக நிறுவனங்களும் விலை குறிப்பிட்டுக் கேட்கும். ஏலம் முடிந்ததும், வாங்கிய வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து தொகை கழிக்கப்படும். அந்தப் பணம் வங்கித் துறையிலிருந்தே மறைந்துவிடும். பத்திரங்களை வாங்கினால் இதற்கு நேர்மாறு: வங்கிகளின் கணக்கில் புதுப் பணம் வரவு வைக்கப்படும். எவ்வளவு, எந்த நாள், எந்தப் பத்திரம் என்ற மூன்றையும் மத்திய வங்கியே முடிவு செய்கிறது. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. உலகின் பெரிய மத்திய வங்கிகள் இதையே முதன்மைக் கருவியாகக் கொண்டதற்குக் காரணம் இந்தத் துல்லியம்.

ஆனால் ஜூலை 18 ஏலம் ஏறத்தாழத் தோற்றது. 12,000 கோடிக்கு அழைப்பு விடுத்த ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்டது 2,532 கோடி ரூபாய்க்கான கேட்புகளை மட்டும்தான். வட்டி உயர்வு அறிவிப்பு வந்ததுமே பத்திர விலைகள் சரிந்து, பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டம் 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இன்னும் சரியக்கூடிய பொருளுக்கு யார் நல்ல விலை கேட்பார்கள்? வங்கிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டன. அந்த விலைக்கு விற்றால் நீண்டகால வட்டி மேலும் ஏறும். அரசு கடன் வாங்கும் செலவும் கூடும். அரசின் கடனை நிர்வகிப்பதும் ரிசர்வ் வங்கியின் பொறுப்பே. பணத்தை உறிஞ்ச வேண்டும் என்று ஒரு கடமை சொன்னது, ஈட்டம் எகிறக் கூடாது என்று இன்னொரு கடமை தடுத்தது. வெளிச்சந்தை நடவடிக்கையின் உண்மையான எல்லை இங்கேதான் இருக்கிறது. எதிரே மனமுவந்து வாங்குபவர் வேண்டும், அவர் சொல்லும் விலையைத் தாங்கிக்கொள்ள மத்திய வங்கிக்கு மனம் வேண்டும். பீதி பரவிய சந்தையில் இரண்டும் ஒருசேர அமைவதில்லை.

எனவே ஜூலை 23 அன்று ரிசர்வ் வங்கி ரொக்க இருப்பின் பக்கம் திரும்பியது. இந்த இடம் நிதானமாகப் பார்க்கத் தக்கது. ஏனென்றால் அன்று சிஆர்ஆர் எனப்படும் ரொக்க இருப்பு விகிதம் மாறவே இல்லை. முன்பிருந்த 4 சதவீதம்தான் தொடர்ந்தது. மாறியது ஒரு துணை விதி. இரண்டு வாரச் சராசரியாக 4 சதவீதம் வைத்தால் போதும், எந்த ஒரு நாளிலும் அதில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சரி என்பது அதுவரை நடைமுறை. அந்த 70 இனி 99 என்றது புதிய உத்தரவு. கூடவே, ஒவ்வொரு வங்கியும் ரெப்போவில் தன் டெபாசிட்டில் 0.5 சதவீதத்துக்கு மேல் கடன் பெற முடியாது என்றும் வரம்பு இறுக்கப்பட்டது.

1 லட்சம் கோடி ரூபாய் டெபாசிட் உள்ள ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். அது சராசரியாக 4,000 கோடி ரூபாயை ரிசர்வ் வங்கியில் வட்டியில்லாமல் வைத்திருக்க வேண்டும். பழைய விதிப்படி, பணத் தட்டுப்பாடு உள்ள நாளில் 2,800 கோடி வைத்துவிட்டு, பணம் புரளும் நாளில் கூடுதலாக வைத்துச் சராசரியைச் சரிக்கட்டலாம். முன்கூட்டிய வருமான வரித் தவணை நாளில் வாடிக்கையாளர் கணக்குகளிலிருந்து பெருந்தொகை அரசுக்குப் போகும். அப்போது இந்த 1,200 கோடி இடைவெளிதான் வங்கியைக் காக்கும். புதிய விதிப்படி எந்த நாளும் 3,960 கோடிக்குக் குறையக் கூடாது. இடைவெளி 40 கோடியாகச் சுருங்கியது. வங்கித் துறை முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 90,000 கோடி ரூபாய் அளவுக்கு இருந்த நெகிழ்ச்சி பெரும்பாலும் பறிபோயிற்று.

இப்போது அந்த வங்கிக்கு ஒரு நாள் 1,500 கோடி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரெப்போவில் 7.25 சதவீதத்துக்கு 500 கோடி கிடைக்கும். மிச்சம் 1,000 கோடிக்கு 10.25 சதவீத அவசரச் சாளரம்தான் வழி. ஓர் இரவுக்குக் கூடுதல் செலவு சுமார் 8 லட்சம் ரூபாய். அதையும் தவிர்த்து ரொக்க இருப்பைக் குறைத்தால் அபராத வட்டி காத்திருக்கிறது. அந்த அபராதம் வங்கி விகிதத்துக்கு மேல் 3 சதவீதம், அதாவது 13.25 சதவீதம், பற்றாக்குறை அடுத்த நாளும் தொடர்ந்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 5 சதவீதம். ஒன்பது ஆண்டுகள் செத்துக்கிடந்த வங்கி விகிதம் இந்த இடத்தில்தான் உயிர்பெற்றது. ரொக்க இருப்பு விதி எல்லா வங்கிகளையும் சுவரோரம் தள்ளியது. வங்கி விகிதம் அந்தச் சுவரின் உயரமாக நின்றது. ஓரிரவுக் கடன் சந்தையின் வட்டி 10.25 சதவீதத்தை நோக்கி ஏறியது. ரெப்போவை அசைக்காமலே நாட்டின் குறுகியகால வட்டி மூன்று சதவீதம் கூடிவிட்டது.

இதன் விலை என்ன? பணத்தை உறிஞ்சுவதில் ரிசர்வ் வங்கி வென்றது, ரூபாயைக் காப்பதில் உடனடியாக வெல்லவில்லை. ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. இடையில், வட்டி ஏறும் என்ற பயத்தில் முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டதால் தவித்த பரஸ்பர நிதிகளுக்கென ஜூலை 17 அன்று 25,000 கோடி ரூபாயில் தனிச் சாளரம் திறக்க வேண்டி வந்தது. பத்தாண்டுப் பத்திர ஈட்டம் ஆகஸ்டில் 9 சதவீதத்தைத் தாண்டியதும், ஆகஸ்ட் 23 அன்று 8,000 கோடி ரூபாய்க்குப் பத்திரங்களை வாங்கப் போவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஜூலையில் விற்க முயன்ற அதே கை, ஆகஸ்டில் வாங்கத் தொடங்கியது. ரூபாயைக் கடைசியில் மீட்டவை வேறு: எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியே நேரடியாக டாலர் கொடுத்தது, அமெரிக்கா பத்திரக் கொள்முதலைக் குறைப்பதைத் தள்ளிப்போட்டது, செப்டம்பரில் ரகுராம் ராஜன் பொறுப்பேற்றதும் அறிவித்த சலுகைத் திட்டத்தின் வழியாக, வெளிநாடுவாழ் இந்தியரின் டெபாசிட்டும் வங்கிகளின் வெளிநாட்டுக் கடனுமாக 34 பில்லியன் டாலர் வந்து சேர்ந்தது. அவசரச் சாளர வட்டி செப்டம்பர் 20 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, அக்டோபர் 29இல் ரெப்போவுக்கு மேல் 1 சதவீதம் என்ற பழைய இடைவெளிக்குத் திரும்பியது.

ரொக்க இருப்பின் தினசரி விதி மட்டும் திரும்பவில்லை. 99 என்பது செப்டம்பரில் 95 ஆனது. 2016 ஏப்ரலில் 90 ஆனது. கொரோனாவின்போது சில மாதங்களுக்கு 80 ஆகி மறுபடி 90க்கு வந்தது. பழைய 70 சதவீதம் பழங்கதையாகிவிட்டது. நெருக்கடிக்கு எனப் போடப்பட்ட நிர்வாக விதி, நெருக்கடி முடிந்தபின்னும் இப்படித் தங்கிவிடுகிறது. ஏலத்தில் விற்ற பத்திரத்தை அடுத்த வாரம் திரும்ப வாங்கிவிடலாம். அதில் கணக்கு நேராகிவிடும். உத்தரவுகளுக்கு அப்படியொரு இயல்பான முடிவு கிடையாது.

ரொக்க இருப்பைக் கருவியாகப் பயன்படுத்துவதில் இதைவிடக் கவலைக்குரிய ஒரு வடிவம் 2016இல் வந்தது. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்டதும் வங்கிகளில் டெபாசிட் குவிந்தது. அந்தப் பணத்தை ரிவர்ஸ் ரெப்போ வழியாக உறிஞ்ச வேண்டுமானால், ரிசர்வ் வங்கி ஈடாகப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். வந்து குவிந்த வேகத்துக்கு அதன் பத்திரக் கையிருப்பு ஈடுகொடுக்காது என்ற நிலை உருவானது. நவம்பர் 26 அன்று உத்தரவு வந்தது: செப்டம்பர் 16 முதல் நவம்பர் 11 வரை கூடிய டெபாசிட் முழுவதையும், அதாவது 100 சதவீதத்தையும், கூடுதல் ரொக்க இருப்பாக ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டும். 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் முடங்கியது. அந்தப் பணத்துக்கு வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. ரிசர்வ் வங்கியிடமிருந்து அவற்றுக்கு ஒரு பைசாவும் வரவில்லை. அன்றைய ரிவர்ஸ் ரெப்போ விகிதமான 5.75 சதவீதத்தில் கணக்கிட்டால், 3 லட்சம் கோடிக்கு இரண்டு வார வட்டி இழப்பே சுமார் 660 கோடி ரூபாய். அரசு வட்டி கொடுக்கும் சிறப்புப் பத்திரங்களின் உச்சவரம்பு 30,000 கோடியிலிருந்து 6 லட்சம் கோடியாக டிசம்பர் 2 அன்று உயர்த்தப்பட்ட பிறகே, டிசம்பர் 10 முதல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது.

2016இல் வேறு வழி இல்லை என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளிச்சந்தை நடவடிக்கைக்குப் பத்திரம் வேண்டும். பத்திரம் தீர்ந்தால் அந்தக் கருவி தீர்ந்தது. ரொக்க இருப்பு விதிக்குக் கையிருப்பு எதுவும் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். கடைசித் தற்காப்பாக அதற்கு இருக்கும் தகுதி இதுதான்.

ஆனால் 2023 ஆகஸ்டில் அந்த நியாயம் இல்லை. 2,000 ரூபாய் நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு டெபாசிட் பெருகியபோது, மே 19 முதல் ஜூலை 28 வரை கூடிய டெபாசிட்டில் 10 சதவீதத்தைக் கூடுதல் ரொக்க இருப்பாக வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. முடங்கியது 1 லட்சம் கோடியைச் சற்றுத் தாண்டிய தொகை. 2022 ஏப்ரலிலேயே நிலை வைப்பு வசதி என்ற புதிய சாளரம் வந்திருந்தது. அதில் பத்திரம் எதுவும் ஈடாகக் கொடுக்காமலே, வட்டி மட்டும் கொடுத்து, வங்கிகளின் உபரிப் பணத்தை ரிசர்வ் வங்கி வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2016இல் கண்டதுபோலப் பத்திரம் போதாமல் போகும் குறையைத் தீர்க்கும் வசதி அது. ஆகஸ்ட் 2023இல் அதன் வட்டி 6.25 சதவீதம். அந்தச் செலவைத் தவிர்த்து, சுமையை வங்கிகளின் தலையில் ஏற்றிவிட்டது பழைய உத்தரவு. அக்டோபர் 7க்குள் மூன்று தவணைகளாகப் பணம் விடுவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கடந்துபோன தேதிகளைக் குறித்து, ஏற்கெனவே பெற்ற டெபாசிட்டின் மேல் போடப்படும் விதியை எந்த வங்கியும் முன்கூட்டித் திட்டமிட முடியாது. திட்டமிட முடியாத செலவை வங்கி கடைசியில் கடன் வட்டியிலோ டெபாசிட் வட்டியிலோதான் ஈடுகட்டும்.

எதிர்ப்பக்க வாதம் ஒன்றுண்டு. இருப்பு விகிதத்தைக் குறைக்கும்போது அது நல்ல கருவிதானே? 2025 ஜூனில் சிஆர்ஆர் 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 6 முதல் நவம்பர் 29 வரை கால் கால் சதவீதமாக நான்கு தவணை, 2.5 லட்சம் கோடி ரூபாய் வங்கிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. அது சரியான முடிவு, ஆனால் சரியாக இருந்ததற்குக் காரணம் அது அவசரக் கருவியாகப் பயன்படுத்தப்படாததுதான். மூன்று மாதம் முன்பே தேதியும் அளவும் சொல்லப்பட்டன, விளைவு நிரந்தரமானது. அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்த பணத் தட்டுப்பாட்டுக்குப் பயன்பட்டது வெளிச்சந்தைக் கொள்முதல். ஒவ்வொன்றும் 20,000 கோடி என அறிவித்திருந்த ஏலங்களில், பிப்ரவரி 13க்கு உரியதைத் தேவையைப் பார்த்து 40,000 கோடியாக ரிசர்வ் வங்கி உயர்த்திக்கொண்டது. சிஆர்ஆரில் இப்படிப் பாதி வழியில் அளவை மாற்றினால் அது எல்லா வங்கிகளையும் ஒரே அடியில் தாக்கும். பணம் தேவைப்படாத வங்கிக்கும் போகும், தட்டுப்பாட்டில் இருக்கும் வங்கியிடமிருந்தும் பிடுங்கும்.

அமெரிக்கா இதை வேறு வழியில் கற்றது. 1936 ஆகஸ்டிலிருந்து 1937 மே வரை மூன்று கட்டங்களில் கட்டாய இருப்பை இரண்டு மடங்காக்கியது அதன் மத்திய வங்கி. வங்கிகளிடம் தேவைக்கு மேல் உபரி கிடக்கிறது, அதைத்தானே எடுக்கிறோம் என்று எண்ணியது. வங்கிகளுக்கோ அந்த உபரி, அண்மையில் கண்ட வங்கித் திவால்களுக்கு எதிரான காப்பு. 1937 மத்தியில் பொருளாதாரம் கடும் சரிவில் விழுந்தது. அந்தச் சரிவில் இருப்பு உயர்வின் பங்கு எவ்வளவு என்று பொருளியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் கருவி பின்னர் ஓரங்கட்டப்பட்டதில் வாதமில்லை: 2020 மார்ச் 26 முதல் அங்கே கட்டாய இருப்பு விகிதம் பூஜ்யம்.

இந்தியா பூஜ்யத்துக்குப் போக வேண்டியதில்லை. பிரம்மாண்டமான பொதுத்துறை வங்கிகளும் அரசின் வரவு செலவால் ஏறி இறங்கும் பணப்புழக்கமும் உள்ள நாட்டில் ஓர் அடித்தள இருப்பு பயனுள்ளதே. ஆனால் அந்த விகிதம் அசையாமல் இருக்க வேண்டும். அன்றாட ஏற்ற இறக்கத்தைப் பத்திரக் கொள்முதலும் விற்பனையும் நிலை வைப்பு வசதியும் கவனிக்கட்டும். ஈட்டம் சற்று ஏறினாலும் விற்கத் துணியும் மனம் அதற்கு வேண்டும். 2013 ஜூலை 18இல் இல்லாமல்போனது அதுதான். கடந்த தேதிகளுக்குப் பின்னோக்கிப் பாயும் கூடுதல் இருப்பு உத்தரவு இனி வேண்டாம். தவிர்க்கவே முடியாத நாள் வந்தால், முடக்கிய தொகைக்கு நிலை வைப்பு விகிதத்தில் வட்டி தர வேண்டும். ரொக்க இருப்புக்கு வட்டி தரும் அதிகாரம் 2006இல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 42ஆம் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. அதை அவசரகால முடக்கத்துக்கு மட்டுமாவது திரும்பக் கொண்டுவரும் சிறு திருத்தத்தை நிதியமைச்சகம் முன்வைக்க வேண்டும்.